இரவற் குரல்: திரைப்படப் பின்னணிப் பாடலும் கேட்போர் செவியும்

திரையில் ஒருவர் வாயசைக்கின்றார். பாட்டோ வேறொருவர் தொண்டையிலிருந்து பிறந்தது. இதனைப் படம் காண்போர் யாவரும் அறிவர்; அறிந்தும் உருவையும் குரலையும் ஒன்றெனவே கொள்கின்றனர். இம்முறைக்குப் பின்னணிப் பாடல் என்று பெயர். இது தமிழ்த் திரையில் எவ்வாறு வேரூன்றிற்று என்பதையும், ஒரு குரலிடத்து நாம் எதிர்பார்ப்பதை எவ்வாறு மாற்றிற்று என்பதையும் ஈண்டு ஆராய்வாம். முதற் பேசும்படம் வெளிவந்த 1931ஆம் ஆண்டுக்கும், பின்னணிக் குரல் நடிகரின் பேச்சோடு பொருந்தி நின்ற 1954ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலமே நமது பெரும்பொருள். அதன் பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் காண்பாம்.

முன்னரே ஒன்று குறித்தல் வேண்டும். ஒருவர் ஆட மற்றொருவர் பாடுதல் நமது கலை மரபுக்குப் புதிதன்று. பரதத்தில் ஆடுபவள் அபிநயிக்கப் பாடுபவர் மேடையின் ஒரு பக்கத்தே அமர்ந்து பாடுவர். கேரளத்துக் கதகளியில் நடிகன் வாய் திறவான். பாட்டு முழுவதும் அவன் பின் நிற்போருடையது. நம் யாழ்ப்பாணத்து நாட்டுக்கூத்திலும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் கூத்தனின் பாட்டை ஏற்றுப் பாடுவர். ஆயினும் இவற்றிலெல்லாம் பாடுவோன் அவையோர் கண்முன் நிற்கின்றான், அவன் மறைக்கப்படவில்லை. பாடுவோனை முற்றிலும் மறைத்து, அவன் குரலை நடிகனின் வாயிற் பொருத்திக் காட்டியது திரைப்படமே. புதுமை அப்பொருத்தத்தில்தான் உள்ளது.

கண்டவரே பாடிய காலம்

தமிழ்ப் பேசும்படம் 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' என்னும் படத்தோடு தொடங்கிற்று. அக்காலத்தில் படம் பிடிக்கும்போதே ஒலியும் பதிவு செய்யப்பட்டது. ஆகவே பாட வல்லவரே நடிக்கலாம் என்பது எழுதாச் சட்டமாயிற்று. பாட்டுக்காரரை நாடக மேடையினின்றும் கச்சேரி மேடையினின்றும் அழைத்து வந்தனர். 1934ஆம் ஆண்டின் 'பவளக்கொடி'யில் எம். கே. தியாகராஜ பாகவதரும், 1935ஆம் ஆண்டின் 'நந்தனா'ரில் கே. பி. சுந்தராம்பாளும், 1938ஆம் ஆண்டின் 'சேவாசதன'த்தில் எம். எஸ். சுப்புலட்சுமியும் தோன்றினர். 1940ஆம் ஆண்டின் 'சகுந்தலை'யில் துஷ்யந்தனாக நடித்தவர் ஜி. என். பாலசுப்பிரமணியம். கச்சேரிக்கே புகழ்பெற்ற ஒரு வித்துவான் அரச வேடம் தாங்கியமைக்குக் காரணம் அவர் குரலேயன்றிப் பிறிதில்லை.

மேடையினின்றும் வந்த இக்குரல்களுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்குமாறு பாடிப் பழகியவர் அவர். ஆதலால் அவர் சுருதி உயர்ந்தது. கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளைக் கொண்டு ஆதார ஸட்ஜத்தைக் குறிக்கும் வழக்கு. இன்று கச்சேரி செய்யும் ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டையையும் அதனை அடுத்த சுருதிகளையும் கொள்வர். அன்றைய மேடை நடிகரோ நான்கு கட்டைக்கும் அதற்கு மேலும் சுருதி வைத்துப் பாடினர். மேற்காலத்தில் நின்று ஒலிக்கும் இக்கணீர்க் குரலையே அக்காலத்தார் 'நல்ல சாரீரம்' என்றனர். நடிப்புக் குன்றினும் பொறுத்தனர். சாரீரம் குன்றினாற் பொறுத்திலர். 1944ஆம் ஆண்டு வெளிவந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதென்றால், மக்கள் மீண்டும் மீண்டும் சென்றது பெரிதும் பாட்டுக் கேட்டற்கே எனலாம்.

இம்முறையால் விளைந்த இடர்களும் பல. ஒலிவாங்கியை நடிகரின் தலைக்கு மேலே, படக்கருவியின் கண்ணுக்குப் படாமல் தொங்கவிடல் வேண்டும். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மரத்தின் பின்னோ திரையின் பின்னோ மறைந்திருப்பர். நடிகர் திரும்பிப் பாடினாற் குரல் தாழும். நடந்து பாடினாற் பக்கவாத்தியம் பின்தங்கும். ஆகவே பாடுபவர் ஓரிடத்தில் நின்றே பாடினர். இடையே ஓரிடத்திற் சுருதி பிசகினும் காகம் கரையினும் பாட்டு முழுவதும் மறுபடி எடுத்தல் வேண்டும். ஓடி ஆடிப் பாடுங் காட்சி அக்காலப் படங்களில் அரிதாயிருத்தற்கு இதுவே காரணம்.

முறை பிறந்தவாறு

இவ்விடருக்கு விடை கண்டது கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம். 1935ஆம் ஆண்டு நிதின் போஸ் இயக்கிய 'பாக்கிய சக்ரா' என்னும் வங்கப் படத்திலும், அதன் இந்தி வடிவமாகிய 'தூப் சாவோ'னிலும் பாடலை முன்னரே பதிவு செய்து, பின்னர் அதற்கேற்ப நடிப்பைப் படம் பிடித்தனர். இசையமைத்தவர் ஆர். சி. போரால். ஒலிப்பதிவாளர் இயக்குநரின் தம்பியாராகிய முகுல் போஸ். பாடகர் பங்கஜ் மல்லிக் ஒருநாள் இசைத்தட்டோடு தாமும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்ததைக் கண்டபோதே நிதின் போஸுக்கு இவ்வெண்ணம் தோன்றிற்று என்பர்.

அமெரிக்கப் படங்களில் 1929ஆம் ஆண்டிலேயே முன்பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கும் முறை இருந்தது. ஆயின் அங்கே பிறர் குரலைக் கொள்ளுதல் ஒரு மறைபொருளாகவே நெடுங்காலம் இருந்தது. 1964ஆம் ஆண்டின் 'மை பெயர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலான பாடல்களைப் பாடிய மார்னி நிக்ஸனின் பெயர் படத்திலே காட்டப்படவில்லை. இந்தியாவிலோ இரவல் கொடுத்தவரே பெரும்புகழ் பெற்றார். இவ்வேற்றுமை ஏன் உண்டாயிற்று என்பதைப் பின்னர்க் காண்பாம்.

தமிழில் இம்முறையை முதன்முதலிற் கையாண்டவர் ஏ. வி. மெய்யப்பன். 1938ஆம் ஆண்டு அவர் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் தேவகி வேடத்தில் தோன்றிய நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் என்பவரின் குரல் பயன்பட்டது.

செய்முறையை எளிதாக விளக்குவாம். முதலிற் பாடகரும் வாத்தியக்காரரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து பாடலைப் பதிவு செய்கின்றனர். பின்னர்ப் படப்பிடிப்புத் தளத்தில் அப்பாடல் ஒலிபெருக்கி வழியாக ஒலிக்க, நடிகர் அதனைக் கேட்டு வாயசைக்கின்றார். படக்கருவி உருவத்தை மட்டுமே எடுக்கின்றது. இறுதியில் உருவச்சுருளும் ஒலிச்சுருளும் இணைக்கப்படுகின்றன.

இதில் உயிரான பகுதி வேகம். பேசும்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. மூன்று நிமிடப் பாடல் 180 நொடி. பாட்டை ஒலிக்கச் செய்யும் கருவிக்கும் படக்கருவிக்கும் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாடு இருப்பின், பாட்டின் முடிவில் 1.8 நொடி பிசகும். அஃதாவது 43 படங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கே வேறுபடினும் நான்கு படங்கள் பிசகும். இரண்டு மூன்று படங்கள் பிசகினாலே கூர்ந்த கண் அதனைக் கண்டுவிடும். ஆகையால் இரு கருவிகளின் பொறிகளையும் ஒரே மின்னோட்டத்திற் பிணைத்து, ஒன்று எத்துணை விரைகின்றதோ அத்துணையே மற்றதும் விரையுமாறு செய்தனர். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் பலகை தட்டி அடையாளமிடுவதும் இதற்கே.

உதடு காட்டிக் கொடுக்கும் இடம்

வேகம் ஒத்தால் மட்டும் போதாது. எழுத்தும் ஒத்தல் வேண்டும். தமிழ் கற்போர்க்கு இது மிகத் தெளிவாய் விளங்கும். தொல்காப்பியர் பிறப்பியலில் ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் வகுத்துள்ளார். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் இயைதலாற் பிறப்பன. வகரம் மேற்பல் கீழிதழோடு இயைதலாற் பிறப்பது. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்கள் இதழ் குவிதலாற் பிறப்பன. ககரமும் டகரமும் வாயின் உள்ளே பிறப்பனவாகலின் அவற்றின் முயற்சி புறத்தே தோன்றாது.

எனவே வாயசைப்பின் பொய்மை ககரத்திலும் டகரத்திலும் வெளிப்படுவதில்லை. பகர மகரங்களிலேயே வெளிப்படும். 'அம்மா' என்னுஞ் சொல் ஒலிக்கும்போது இதழ் மூடாதிருப்பின் குழந்தையும் அதனைக் கண்டு சிரிக்கும். 'கடல்' என்னுஞ் சொல்லில் நடிகர் சிறிது பிந்தினும் ஒருவரும் அறியார். கார்வைக்கும் இவ்விதி பொருந்தும். ஆகாரத்தில் நீளும் கார்வைக்கு வாய் திறந்தேயிருத்தல் வேண்டும். அதன் நடுவே நடிகர் வாயை மூடினாற் குரல் அந்தரத்தில் நிற்கும்.

இன்னோர் அடையாளம் மூச்சு. நீண்டதோர் அடியைத் தொடங்கு முன் பாடுவோனின் மார்பும் தோளும் உயர்தல் இயல்பு. கழுத்து நரம்பு அசையாமல், தோள் உயராமல், புன்முறுவலோடு நின்று எட்டாத மேற்ஸ்தாயியை எட்டும் உருவைக் கண்டால் அது பாடாத உருவென்று அறியலாம். பாகவதர் படங்களிற் பாட்டின் உழைப்பு முகத்திலே தெரியும். பிற்காலப் படங்களில் முகம் காதலையோ சோகத்தையோ மட்டும் காட்டும். பாடும் உழைப்பைக் காட்டாது. குரல் உழைப்பின்றி வருவது என்னும் எண்ணம் காண்போர் மனத்திற் படிந்தது இவ்வாறுதான்.

'ஸ்ரீ வள்ளி'

இம்மாற்றத்தின் நடுவிலே நிற்பது 1945ஆம் ஆண்டு மெய்யப்பன் வெளியிட்ட 'ஸ்ரீ வள்ளி'. முருகனாக நடித்தவர் டி. ஆர். மகாலிங்கம், வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. மகாலிங்கம் மேடை மரபில் வந்தவர், எஸ். ஜி. கிட்டப்பாவின் வழியைப் பின்பற்றி மேற்காலத்தில் அனாயாசமாகச் சஞ்சரிப்பவர். ருக்மிணி அழகாக நடித்தார். தமக்குரிய பாடல்களைத் தாமே பாடவுஞ் செய்தார். படம் முடிந்து போட்டுப் பார்த்தபோது, முருகன் குரலுக்கு முன்னே வள்ளி குரல் நிற்கவில்லை என்று மெய்யப்பனுக்குப் பட்டது.

முந்திய காலமாயின் இதற்கு இரண்டே வழிகள் இருந்தன: அப்படியே வெளியிடுதல், அல்லது வேறு நடிகையைக் கொண்டு காட்சிகளை மறுபடி எடுத்தல். மெய்யப்பன் மூன்றாவது வழியைக் கண்டார். உருவம் இருந்தபடியே இருக்க, குரலை மட்டும் நீக்கி, பி. ஏ. பெரியநாயகியைப் பாடச் செய்து அவ்விடத்திற் சேர்த்தார்.

இது முற்கூறிய முறையினும் கடினமானது. பின்னணிப் பாடலின் இயல்பான முறையில் பாட்டு முன்னது, உருவம் பின்னது. நடிகர் பாட்டுக்கு இசைந்து போகலாம். இங்கோ உருவம் முன்னது. ருக்மிணி எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கேயே பெரியநாயகியும் மூச்சு வாங்குதல் வேண்டும்; அவர் எத்துணை மாத்திரை ஆகாரத்தை நீட்டினாரோ அத்துணையே நீட்டல் வேண்டும்; அவர் இதழ் மூடிய கணத்தில் இவர் மகரம் ஒலித்தல் வேண்டும். மனோதர்மத்தோடு பாடிப் பழகிய ஒரு பாடகிக்குத் திரையில் ஓடும் மற்றொருத்தியின் உதட்டையே தாளமாகக் கொண்டு பாடுதல் எளிதன்று. ஆயினும் செய்து முடித்தனர். படமும் பெருவெற்றி கண்டது.

'ஸ்ரீ வள்ளி' காட்டிய பாடம் யாது? ஒரு நடிகையின் குரலை அவரிடமிருந்து பிரித்தெடுக்கலாம் என்பதும், அவ்வாறு பிரித்ததை மக்கள் குறையாகக் கொள்ளார் என்பதுமே. இதற்கிடையில் ஒரு முரணும் உண்டு. அதே படத்தில் மகாலிங்கம் தம் குரலிற் பாடினார். உடலோடு ஒன்றிய பழைய குரலும் உடலை விட்டு நீங்கிய புதிய குரலும் ஒரே காட்சியில் எதிரெதிரே நின்றன. கேட்போர் இரண்டனையும் ஒரே அளவுகோலால் அளந்தனர்: பாட்டு நன்றாயிருக்கின்றதா என்பதே அவ்வளவுகோல். குரல் உருவுக்குப் பொருந்துகின்றதா என்னும் வினா அன்று பெரிதாக எழவில்லை. அது எழுதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

1954: ஒரு குரல், ஈருருவம்

அவ்வொன்பது ஆண்டுகளில் திரையிற் பாட்டின் இடத்தை வசனம் பிடித்துக்கொண்டது. 1949ஆம் ஆண்டின் 'வேலைக்கா'ரியும் 1952ஆம் ஆண்டின் 'பராசக்தி'யும் அடுக்குமொழி வசனத்தாற் புகழ்பெற்றன. இப்போது வேண்டப்பட்டவர் பேச வல்ல நடிகர். பாடத் தெரிந்திருத்தல் கட்டாயமன்று. பாகவதர் 1944ஆம் ஆண்டில் ஒரு கொலை வழக்கிற் கைதாகி 1947ஆம் ஆண்டில் விடுதலை பெற்று மீண்டபோது பழைய வெற்றி அவருக்குக் கிட்டவில்லை, பி. யு. சின்னப்பா 1951ஆம் ஆண்டிற் காலமானார். பாடி நடிக்கும் நாயகர் மரபு மெலிந்து, பேசி நடிக்கும் நாயகர் மரபு எழுந்தது.

இங்கே ஒரு புதிய இடர் தோன்றிற்று. பாகவதர் பேசும்போதும் பாடும்போதும் ஒரே குரல். சிவாஜி கணேசனோ பேசுவது ஒரு குரல், பாடுவது மற்றொருவர் குரல். பேச்சு வலிமையால் நிலைபெற்ற நடிகரிடத்து இவ்வேறுபாடு மிக உரத்துத் தெரியும். 'பராசக்தி'யில் அவருக்காகப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன். 1954ஆம் ஆண்டில் 'தூக்குத் தூக்கி' எடுக்கப்பட்டபோது இசையமைப்பாளர் ஜி. ராமநாதன், டி. எம். சௌந்தரராஜனைப் பாடச் செய்ய விரும்பினார். சிவாஜி முதலில் இசையவில்லை. பழகிய ஜெயராமன் குரலையே விரும்பினார். சில பாடல்களை மட்டும் பாடிக் காட்டுவதாகவும், பிடிக்காவிடில் விலகிக்கொள்வதாகவும் சௌந்தரராஜன் கூறினார் என்றும், சிவாஜி பேசும் முறையை உற்றறிந்து அதற்கேற்பப் பாடினார் என்றும், கேட்ட சிவாஜி எஞ்சியவற்றையும் அவரே பாடுமாறு சொன்னார் என்றும் திரையுலகத்தார் வழிவழியாகக் கூறுவர்.

அதே 1954ஆம் ஆண்டில் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் 'மலைக்கள்ளன்' வெளிவந்தது. அதில் எம். ஜி. இராமச்சந்திரனுக்காகப் பாடியவரும் சௌந்தரராஜனே. ஒருவர் குரல் ஒரே ஆண்டில், பேச்சிலும் நடையிலும் முற்றிலும் வேறுபட்ட இருவர் வாயிற் புகுந்தது. பின்னர் இருபது ஆண்டுக்கு மேலும் அவ்விருவருக்கும் அதுவே பெருங்குரலாய் நின்றது.

இது எவ்வாறு இயன்றது? சிவாஜிக்குப் பாடுங்கால் அவர் அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த ஒலியைக் கொண்டார். சொல்லின் ஈற்றை அழுத்தி, இடையிடையே பேச்சுப் போலவும் விம்மல் போலவும் உடைத்தார். எம். ஜி. ஆருக்குப் பாடுங்கால் ஒலியைத் தொண்டைக்கும் மூக்குக்கும் உயர்த்தி, சொல்லைத் துள்ளலாகவும் நேராகவும் விட்டார், விம்மலைக் குறைத்தார். சுருதியும் இராகமும் ஒன்றாயினும் ஒலி பிறக்கும் இடம் வேறுபடுதலாற் குரல் வேறு போலத் தோன்றும். இதனைச் சோதித்தல் எளிது. இவ்விருவருக்கும் அவர் பாடிய பழம்பாடல்களை, படத்தின் பெயர் சொல்லாமல் வானொலியிற் கேட்போர் ஓரிரண்டு அடிகளிலேயே 'இது சிவாஜி பாட்டு', 'இது எம். ஜி. ஆர். பாட்டு' என்று பிரித்துவிடுவர். 'சௌந்தரராஜன் பாட்டு' என்று கூறாமல் நடிகர் பெயராற் கூறுதலே இம்முறை பெற்ற வெற்றி.

இங்கேதான் கேட்போர் எதிர்பார்ப்பு முற்றாக மாறிற்று. 1935ஆம் ஆண்டிற் கேட்டவன் 'சாரீரம் எவ்வளவு பெரிது?' என வினவினான். 1945இற் கேட்டவன் 'பாட்டு நன்றா?' என வினவினான். 1954க்குப் பின் கேட்டவனோ 'இக்குரல் இவருக்குப் பொருந்துகின்றதா?' என வினவலானான். பொய்க்குரல் ஒன்றினிடத்தே மெய்ம்மையை வேண்டும் விந்தையான எதிர்பார்ப்பு இது.

மென்குரலும் பெயரும்

குரலின் பருமையும் இக்காலத்தே மாறிற்று. கூடத்தில் ஒலிவாங்கிக்கு மிக அருகே நின்று பாடுபவர் கடைசி வரிசைக்காகக் கத்த வேண்டுவதில்லை. காதோடு பேசுமளவு மென்மையும் பதிவாகும். மேடையிற் பாடினாற் பத்தடிக்கு அப்பாற் கேளாத குரலும் திரையிற் கொட்டகையை நிரப்பும். ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் போன்றோரின் இழைந்த குரல்கள் பாகவதர் காலத்து மேடையில் நின்றிரா. ஒலிவாங்கியே அவற்றை நாயகர் குரலாக்கிற்று. உரத்த குரல் வீரத்துக்கும் மென்குரல் காதலுக்கும் என்னும் பாகுபாடு அதன் பின்னரே எழுந்தது.

பெண்குரலில் நேர்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. அதில் நமக்கு முழு மகிழ்ச்சியில்லை. கே. பி. சுந்தராம்பாளின் குரல் ஓங்கி ஒலித்து மேடை ஆண்ட குரல். 1953ஆம் ஆண்டின் 'ஔவையா'ரில் அது மீண்டும் முழங்கிற்று. ஆயின் ஔவை என்னும் முதியவளின் குரலாகவே முழங்கிற்று. இளம் நாயகிக்கு உரியதென அக்காலம் தேர்ந்தது பி. சுசீலாவின் நுண்ணிய, தேன் போன்ற, மேற்ஸ்தாயியில் இழைந்து செல்லும் குரல். சாவித்திரிக்கும் சரோஜாதேவிக்கும் கே. ஆர். விஜயாவுக்கும் அவரே பாடினார். ஆண்களுக்கு ஆள் நோக்கிக் குரல் வேறுபட, பெண்களுக்கு ஒரே இலட்சியக் குரல் பொதுவாயிற்று. எல். ஆர். ஈஸ்வரியின் துடுக்கான, கனத்த குரலோ பெரும்பாலும் கேளிக்கைக் கூடத்து ஆட்டக்காரிக்கும் தோழிக்கும் ஒதுக்கப்பட்டது. பாடும் திறத்தில் அவர் ஒருவருக்கும் தாழ்ந்தவரல்லர். ஆயினும் குரலின் பருமையே குணத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. குரல் கேட்ட மாத்திரத்திலேயே அவள் குலமகளோ அல்லளோ என்று தீர்க்கும் பழக்கம் பின்னணிப் பாடல் நமக்குத் தந்த தவறான பழக்கங்களுள் ஒன்று.

இனி, இரவல் கொடுத்தவர் புகழ்பெற்றது எவ்வாறு என்பதைக் காண்பாம். 1949ஆம் ஆண்டின் 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் இசைத்தட்டிற் பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சிடப்பட்டிருந்தது. அது கதைப்பெண்ணின் பெயர். பாட்டை வானொலியிற் கேட்ட மக்கள் பாடியவர் யார் என்று எழுதிக் கேட்டதன் மேலே லதா மங்கேஷ்கரின் பெயர் அறிவிக்கப்பட்டது. வானொலியில் உருவம் இல்லை. குரல் மட்டுமே உண்டு. ஆகவே குரலுக்குரியவரின் பெயரைக் கேட்போர் வேண்டினர்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1952ஆம் ஆண்டில் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியிற் திரைப்பாடல்கள் அருகின. அப்பாடல்களைக் கேட்க விரும்பிய இந்திய மக்கள் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பை நாடினர். 1957ஆம் ஆண்டில் விவித பாரதி தொடங்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் என்று அறிவிப்பாளர் ஒழுங்காகக் கூறக்கேட்டு வளர்ந்த நம் மக்கள், படத்தைப் பாராமலே பாடகரை அறிந்தனர். திரையில் மறைக்கப்பட்டவருக்கு வானொலி முகங் கொடுத்தது. 1967, 1968ஆம் ஆண்டுகளின் படங்களுக்கான இந்திய தேசிய விருதுகளிற் பின்னணிப் பாடகர்க்கும் இடம் அளிக்கப்பட்டது. பாடகியர்க்கான முதல் விருதை 1968ஆம் ஆண்டின் 'உயர்ந்த மனிதன்' படப் பாடலுக்காகப் பெற்றவர் சுசீலாவே.

சொல்லின் தெளிவு

தமிழாசிரியர் என்னும் முறையில் நாம் சிறப்பாகக் கருதுவது ஒன்றுண்டு. பழைய மேடைப் பாட்டிற் சாரீரம் முதன்மை, சொல் அதன் பின்னது. சங்கதிகளின் நடுவே சொல் சிதைதல் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. பின்னணிப் பாடலோ கதையின் ஒரு பகுதி. சொல் விளங்காவிடிற் காட்சி விளங்காது. அன்றியும் ஒலிவாங்கி நெருங்கி நிற்பதால் லகர ளகர வேறுபாடும் ரகர றகர வேறுபாடும் மறைவின்றிக் கேட்கும். ஆதலாற் பின்னணிப் பாடகரிடத்து மக்கள் தெளிந்த உச்சரிப்பை எதிர்பார்க்கலாயினர்.

இதில் வியப்பு யாதெனின், இத்தெளிவைத் தந்தவருட் பலர் தாய்மொழி தமிழல்லாதவர். சௌந்தரராஜன் மதுரையில் வாழும் சௌராட்டிர மரபினர். சுசீலா, ஏ. எம். ராஜா, ஸ்ரீநிவாஸ், எஸ். ஜானகி ஆகியோர் தெலுங்கர், பி. லீலா மலையாளி. சுசீலாவை மாதச் சம்பளத்தில் அமர்த்திக்கொண்ட மெய்யப்பன் நிறுவனம், அவருக்குத் தமிழ் கற்பிக்க ஆசிரியர் ஒருவரையும் அமர்த்திற்று. சிறப்பு ழகரத்தைப் பிறப்பிலேயே பெற்றவர் பலர் பேணாதுவிட, பயின்று பெற்றவர் பேணினர். உச்சரிப்பு என்பது பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்வந்த மாற்றங்கள்

அக்காலப் பதிவில் வாத்தியக் குழுவும் பாடகரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருந்தனர். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்குவர். ஆகவே பாட்டுக்கு முன் நெடும் ஒத்திகை இருந்தது. சொல்லும் அங்கே திருத்தப்பட்டது. பின்னர்ப் பல தடங்களிற் தனித்தனியே பதிவு செய்யும் முறை வந்தது. இன்று பாடகர் வாத்தியக்காரரைக் காணாமலே ஓரடி ஓரடியாகப் பாடிச் செல்லலாம். சுருதி பிசகினாற் கணினி திருத்தும். கணினி சுருதியைத் திருத்தும். 'வாழை'யை 'வாளை' என்றதைத் திருத்தாது. அண்மைக்காலப் பாடல்கள் பலவற்றில் ழகரம் மெலிந்தமைக்கு ஒத்திகை குறைந்ததும் ஒரு காரணமென நாம் கருதுகின்றோம்.

நடிகருக்கேற்ற குரல் என்னும் எதிர்பார்ப்பும் தளர்ந்துவிட்டது. 1969ஆம் ஆண்டின் 'அடிமைப்பெண்'ணில் எம். ஜி. ஆருக்காக இளைஞர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடியபோதே அத்தளர்ச்சி தொடங்கிற்று எனலாம். இன்று ஒரே நாயகனுக்கு ஒரே படத்தில் நால்வர் பாடினும் ஒருவரும் வினவுவதில்லை. குரல் பாட்டுக்குப் பொருந்தினாற் போதும். உருவுக்குப் பொருந்த வேண்டுவதில்லை. இவ்வகையில் நாம் 1945ஆம் ஆண்டின் அளவுகோலுக்கே மீண்டுள்ளோம்.

இவ்வரலாற்றைச் செவியாலேயே அறிய விரும்பும் மாணவர் மூன்று பாடல்களைத் தேர்ந்துகொள்க: பாகவதர் பாடியது ஒன்று, 'ஸ்ரீ வள்ளி'யில் வள்ளி பாடுவது ஒன்று, 1954க்குப் பின் சௌந்தரராஜன் சிவாஜிக்குப் பாடியது ஒன்று. ஒவ்வொன்றையும் முதலில் ஒலியை நிறுத்தி உருவை மட்டும் காண்க. பகர மகரங்களில் இதழையும் நீண்ட அடிக்கு முன் தோளையும் நோக்குக. பின்னர்க் கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்க. முதலாவதில் உருவும் குரலும் ஒன்றே. இரண்டாவதில் அவை இரண்டாகி அருகருகே நிற்கும். மூன்றாவதில் இரண்டென்று அறிந்தும் ஒன்றென்றே தோன்றும். அத்தோற்றத்தை உண்டாக்கியது கருவியின் திறமன்று. பிறரொருவர் பேச்சைக் கூர்ந்து கேட்டுத் தம் குரலை அதற்கிசைய மாற்றிக்கொண்ட ஒரு பாடகரின் உழைப்பு.